லென்ஸ் போட்டால் மஸ்காரா உதிர்ந்து உறுத்துகிறதா?

"ஈரோட்டில் தங்கச்சி கல்யாணம். லென்ஸ் போட்டு மஸ்காரா தீட்டினால் மதியத்துக்குள் உதிர்ந்து கண் உறுத்துகிறது. வாட்டர்ப்ரூஃப் வாங்கலாமா?"

வேண்டாங்க. அதைக் கலைக்க எண்ணெய் கலந்த ரிமூவர் தேவைப்படும். அந்தப் பிசுக்கு கண்ணில் தங்கி, அடுத்து போடும் லென்ஸில் படிந்து பார்வை மங்கும். 'டியூபிங்' மஸ்காரா கேட்டு வாங்குங்கள். அது ஒவ்வொரு முடியையும் உறைபோல் சுற்றிக்கொள்ளும், தூளாக உதிராது. வெதுவெதுப்பான நீரில் நனைத்து மெல்ல இழுத்தால் சின்னச் சின்னக் குழல்களாகக் கழன்று வரும். கறுப்பாகக் கரைந்து வழிந்தால் அது டியூபிங் இல்லை. நீளம் காட்ட இழை சேர்த்த ஃபைபர் வகை வேண்டவே வேண்டாம், அந்த இழைதான் லென்ஸுக்கு அடியில் போய்க் குத்தும்.

அப்புறம், மையை இமையின் உள்விளிம்பில் இழுக்காதீர்கள். கண்ணீரைக் காக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய் அங்கேதான் இருக்கிறது. முடிக்கு வெளியே தீட்டுங்கள். காலையில் லென்ஸ் முதலில், மேக்கப் பிறகு. இரவிலும் லென்ஸைக் கழற்றிவிட்டுத்தான் மேக்கப்பைக் கலைக்க வேண்டும். லென்ஸைக் கழற்றிய பிறகும் சிவப்போ வலியோ இருந்தால், மறுபடி போடாமல் கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.