வேறு ஷீட்டில் விலையை மாற்றும்போது லாபத்தை எப்படிக் கண்ணில் வைத்துக்கொள்வது?

கேள்வி: மயிலாப்பூரில் ஒரு சமையல் கான்ட்ராக்டரிடம் கணக்கு எழுதுகிறேன். கல்யாண ஆர்டருக்கு எக்செல்லில் விலை போடும்போது காய்கறி, மளிகை, கூலி எல்லாம் தனித்தனி ஷீட்டில் இருக்கின்றன. லாபம் மட்டும் Summary ஷீட்டில் வருகிறது. ஒவ்வொரு விலையை மாற்றிய பிறகும் அங்கே போய்ப் பார்த்துத் திரும்ப வேண்டியிருக்கிறது. திரும்பி வரும்போது எந்த வரியில் இருந்தேன் என்பதே மறந்துவிடுகிறது. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. Watch Window என்ற சிறிய ஜன்னல் இதற்காகவே எக்செல்லில் இருக்கிறது. நீங்கள் குறித்துக் கொடுக்கும் செல்களை அது எந்த ஷீட்டிலும் உங்கள் முன்னால் காட்டிக்கொண்டே இருக்கும். விண்டோஸ் கணினியில் நிறுவிய எக்செல்லை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் Summary ஷீட்டுக்குப் போய் லாபம் இருக்கும் செல்லைச் சொடுக்குங்கள். அது B9 என்று வைத்துக்கொள்வோம். சூத்திரப் பட்டைக்கு இடப்பக்கம் B9 என்று காட்டும் சிறு பெட்டியில் Profit என்று தட்டி Enter அழுத்துங்கள். இப்படிப் பெயர் வைத்துவிட்டால் ஜன்னலில் Name என்ற பத்தியில் அந்தப் பெயரே தெரியும்; B9 எது, B10 எது என்று நினைவில் வைத்திருக்க வேண்டாம். லாப சதவீதம் இருக்கும் B10-க்கும், காய்கறிச் செலவின் மொத்தம் வரும் B4-க்கும் இதேபோல் பெயர் வையுங்கள். பிறகு முதல் செல்லைச் சொடுக்கி, Ctrl விசையைப் பிடித்தபடி மற்ற இரண்டையும் சொடுக்கி, Formulas தாவலில் Watch Window, அதில் Add Watch, பிறகு Add. மூன்றும் வரிசையாக வந்து உட்கார்ந்துவிடும். சிறிய மடிக்கணினி என்றால் ஜன்னலின் தலைப்பைப் பிடித்து இழுத்து மேலேயோ கீழேயோ ஒட்டவைத்துவிடுங்கள். ஃபைலின் பெயர் வரும் Book பத்தியைக் குறுக்கிவிட்டு, Formula பத்திக்கு நிறைய இடம் கொடுங்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

இப்போது ஒரு ஆர்டரைப் போட்டுப் பார்ப்போம். 600 இலை, இலைக்கு 350 ரூபாய்; வரவு 2,10,000. மளிகை 72,000, காய்கறி 31,000, பால் தயிர் 18,000, கூலி 35,000, கேஸும் வண்டியும் 12,000 என்றால் செலவு 1,68,000. லாபம் 42,000, அதாவது 20%. நீங்கள் Veg ஷீட்டில் இருக்கிறீர்கள். கோயம்பேட்டிலிருந்து அன்றைய விலை வருகிறது: தக்காளி கிலோ 30 இல்லை, 60. தேவை 40 கிலோ. 60 என்று தட்டி Enter அழுத்தியதும் ஜன்னலில் லாபம் 40,800 ஆக இறங்கும். (Enter அழுத்தும்வரை எண் மாறாது.) அடுத்து வெங்காயம் கிலோவுக்கு 8 ரூபாய் கூடுகிறது, 25 கிலோ, லாபம் 40,600.

இந்த இடத்தில் சதவீதத்தைப் பாருங்கள். செல்லில் எந்த வடிவத்தில் எண் தெரிகிறதோ அதே வடிவத்தில்தான் ஜன்னலும் காட்டும். தசமம் இல்லாத சதவீத வடிவம் என்றால் 19.43-ம் 19%தான், 19.33-ம் 19%தான். வெங்காயத்தின் விலை கணக்கில் ஏறவே இல்லை என்று நினைத்துவிடுவீர்கள். அதனால் சதவீதத்துக்கு இரண்டு தசமம் வையுங்கள்; ரூபாயில் வரும் லாபத்தையும் பக்கத்திலேயே வைத்திருங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. அலையாமல் வேலை முடிவது நல்லதுதான். ஆனால் இந்த ஜன்னலின் பெரிய உதவி, எண் மாற வேண்டிய நேரத்தில் மாறாமல் நிற்பதைக் காட்டிக்கொடுப்பது. வாழைப்பூ வடை வேண்டும் என்று பெண் வீட்டார் கடைசி நேரத்தில் கேட்கிறார்கள் என்று வையுங்கள். பட்டியல் 24-வது வரியில் முடிகிறது. 25-வது வரியில் வாழைப்பூ 40, ஒன்று 25 ரூபாய், தொகை 1,000 என்று எழுதுகிறீர்கள். லாபம் 39,600 ஆக வேண்டும். ஜன்னலில் 40,600 அப்படியே நிற்கிறது. Formula பத்தியைப் பாருங்கள்:

```
=SUM(Veg!E2:E24)
```

உங்கள் கர்சர் 25-வது வரியில் இருக்கிறது, கூட்டலோ 24-டன் நின்றுவிட்டது. ஷீட்டை விட்டு நகராமலே குற்றம் தெரிந்துவிட்டது. ஜன்னல் இல்லாமல் வேலை செய்யும்போது இந்த ஆயிரம் ரூபாய் யார் கண்ணிலும் படாமல் கொட்டேஷனில் விடுபட்டுப் போகும். ஒரு ஆர்டரில் இப்படி நான்கைந்து வரிகள் சேர்ந்தால் கான்ட்ராக்டரின் கையைக் கடிக்கும்.

24-ஐ 25 என்று திருத்தினால் இன்றைக்குச் சரியாகும். அடுத்த ஆர்டரில் மறுபடியும் இதே கதைதான். பட்டியலை டேபிளாக மாற்றிவிடுவதே நிரந்தரத் தீர்வு. பட்டியலுக்குள் ஒரு செல்லில் நின்று Ctrl+T அழுத்தி, Table Design தாவலில் அதற்கு VegTbl என்று பெயர் கொடுங்கள். தொகைப் பத்தியின் தலைப்பு Amount என்றால், Summary-யில் B4-இல் இப்படி எழுதுங்கள்:

```
=SUM(VegTbl[Amount])
```

இனி பட்டியலுக்கு அடியிலேயே புதிய வரி எழுதினால் டேபிள் நீளும், கூட்டலும் கூடவே நீளும். மளிகைக்கும் கூலிக்கும் இதையே செய்யுங்கள்.

எண் அசையாமல் நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில நேரம் ஒரு எண்கூட மாறாது. எந்த ஷீட்டில் எதைத் தட்டினாலும் ஜன்னல் கல்லாக இருக்கும். அப்போது கீழே நிலைப்பட்டையில் Calculate என்ற சொல் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், கணக்கிடும் முறை Manual-இல் இருக்கிறது. நீங்கள் அதை மாற்றியிருக்கவே வேண்டாம். அன்று முதலில் திறந்த ஃபைல் எந்த முறையில் சேமிக்கப்பட்டிருந்ததோ, அதையே எக்செல் பிறகு திறக்கும் ஃபைல்களுக்கும் எடுத்துக்கொள்ளும். எனக்கு ஒருமுறை வெளியிலிருந்து வந்த ஒரு விலைப்பட்டியலைக் காலையில் முதலில் திறந்ததால் ஒரு மணி நேரம் பழைய லாபத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். F9 அழுத்தினால் அப்போதைக்குக் கணக்கு புதுப்பிக்கப்படும். Formulas தாவலில் Calculation Options-க்குப் போய் Automatic என்று மாற்றினால் தொல்லை தீரும்.

குறித்து வைத்த செல்கள் ஃபைலைச் சேமிக்கும்போது அதனுடனேயே சேமிக்கப்படும். நடுவில் வரி செருகினாலும் ஜன்னல் அந்தச் செல்லைப் பின்தொடரும். செல் இருக்கும் ஃபைல் மூடியிருந்தால் மட்டும் ஜன்னலில் அது தெரியாது. ஆகவே மளிகை விலையைத் தனி ஃபைலில் வைத்திருந்து அதன் செல்லையும் கண்காணிக்க நினைத்தால் இரண்டையும் திறந்து வையுங்கள். ஜன்னலில் ஒரு வரியை இருமுறை சொடுக்கினால் நேராக அந்தச் செல்லுக்கே போய்விடலாம்.

ஒரே ஜன்னலில் இருபது செல்களைச் சேர்க்காதீர்கள். இருபது எண்களில் எது அசையவில்லை என்பது தெரியாது. இந்த மூன்றோடு ஆரம்பியுங்கள். மளிகை ஷீட்டுக்கு நகரும்போது காய்கறி மொத்தத்தை Delete Watch கொடுத்து எடுத்துவிட்டு மளிகை மொத்தத்தைச் சேருங்கள். Delete Watch ஜன்னலிலிருந்து மட்டுமே எடுக்கும். செல்லில் உள்ள எண்ணோ சூத்திரமோ அழியாது.