கூந்தல் செம்பட்டை, புடவை நீலச் சாம்பல்: கையால் திருத்தும் வழி

"பாட்டியின் 1962 கல்யாணப் படம், தர்மபுரி ஸ்டுடியோவில் எடுத்தது. கருப்பு வெள்ளைப் படத்துக்கு நிறம் தரும் DeOldify மென்பொருள் மூலம் வண்ணம் ஏற்றினேன். அரக்குப் பட்டு நீலச் சாம்பலாகவும் கூந்தல் செம்பட்டையாகவும் வந்துவிட்டன. எப்படித் திருத்துவது?"

வணக்கம். கருப்பு வெள்ளைப் படத்தில் வெளிச்சத்தின் அளவு மட்டுமே பதிவாகியிருக்கிறது. அரக்கும் அடர்நீலமும் அதில் ஒரே சாம்பலாக விழக்கூடும். ஆகவே மென்பொருள் ஊகிக்கத்தான் செய்கிறது. மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்காதீர்கள். கையால் திருத்துவதே வழி.

GIMP என்ற படத்திருத்த மென்பொருளில் படத்தைத் திறந்து, மேலே ஒரு வெற்று அடுக்கைச் சேர்த்து, அதன் Mode-ஐ LCh Color என்று மாற்றுங்கள். இந்த முறையில் தூரிகை நிறத்தை மட்டும் மாற்றும். மடிப்பின் நிழலும் பட்டின் பளபளப்பும் அப்படியே நிற்கும். அந்தப் புடவை வீட்டுப் பெட்டியில் இருந்தால், அதைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, நடுத்தர வெளிச்சமுள்ள இடத்திலிருந்து நிறத்தை எடுங்கள். ஜரிகைக்குத் தனி அடுக்கு வேண்டும். மங்கிய மஞ்சள் போதும், பளிச்சென்ற மஞ்சள் பிளாஸ்டிக் போலத் தெரியும்.

கூந்தலுக்கு வேறோர் அடுக்கில், அதே முறையில், வெறும் சாம்பல் நிறத்தைப் பூசுங்கள். செம்மை வடிந்து கருமை திரும்பிவிடும். நெற்றியோரத்தில் மட்டும் மென்மையான தூரிகையால் லேசாகத் தடவுங்கள், இல்லையென்றால் தோலும் சாம்பலாகிவிடும்.

என் அம்மாயியின் படத்தில் கொண்டையிலிருந்த கனகாம்பரத்தை மென்பொருள் முடியோடு சேர்த்துப் பழுப்பாக்கியிருந்தது. 200 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் இதழ்கள் தெரிந்தன. உங்கள் பாட்டி என்ன பூ வைத்திருந்தார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுப் பூசுங்கள்.