தினம் எத்தனை பேர் சாப்பிட்டால் கட்டுப்படியாகும்?

*"திருச்சியில் 48 பேர் உட்காரும் சைவ ஹோட்டல் ஒன்று தொடங்கப் போகிறேன். டிபன், மதியச் சாப்பாடு, இரவு டிபன். வாடகை 65,000, 14 பேருக்குச் சம்பளம் 2,10,000. வங்கிக் கடன் 10 லட்சம். நூறு பேர் வந்தால் போதும், தப்பித்துவிடலாம் என்கிறார் நண்பர். சரியா?"*

உங்கள் நண்பருக்கு அந்த நூறு எங்கிருந்து வந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. வாடகையும் சம்பளமும் சேர்ந்து 2,75,000. ஒருவர் சராசரியாக 95 ரூபாய்க்குச் சாப்பிடுவார் என்று வைத்து வகுத்து, அதை 30 நாளுக்குப் பிரித்தால் 96 வரும். அதையே நூறாக்கியிருப்பார். இதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. மாதச் செலவு வாடகை, சம்பளத்தோடு முடிவதில்லை. அந்த 95 ரூபாயும் முழுக்க உங்கள் கையில் தங்குவதில்லை.

மாதச் செலவை முதலில் பார்ப்போம். ஒருவர்கூட வராவிட்டாலும் கட்டியே ஆக வேண்டிய பணம் எதுவோ, அதெல்லாம் இந்தக் கணக்கில் சேரும். வாடகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. கட்டட உரிமையாளர் பதிவு செய்யாதவராக இருந்தாலும், 2024 அக்டோபர் 10 முதல் பதிவு செய்த வாடகைதாரரே அந்த வரியைக் கட்ட வேண்டும். சாதாரண ஹோட்டல்கள், தாங்கள் செலவுகளில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரிச் சலுகை இல்லாமல், 5 சதவீதத்தில் வரி கட்டுகின்றன. ஆகவே நீங்கள் கட்டும் இந்த 18 சதவீதம் திரும்ப வராது, அப்படியே செலவுதான். 65,000 வாடகை உண்மையில் 76,700.

சம்பளத்துக்கும் வால் உண்டு. பத்துப் பேருக்கு மேல் இருப்பதால் இஎஸ்ஐ வரும். முதலாளி பங்கு 3.25 சதவீதம், அதாவது ஏறக்குறைய 6,800. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ் என்றால் மாதத்துக்கு 17,500 ஒதுக்க வேண்டும். மாஸ்டரும் சப்ளையர்களும் வெளியூர்க்காரர்களாக இருந்தால் தங்க அறை வேண்டும், மூன்று வேளைச் சாப்பாடும் வேண்டும். இதை மட்டும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சாப்பாடு நம் அடுப்படியிலிருந்தே போவதால் செலவாகவே தெரிவதில்லை. 14 பேருக்கு அறையும் சாப்பாடும் சேர்த்து 45,000 வையுங்கள்.

எரிவாயு ஒரு வினோதமான செலவு. பாதி நிலையானது, பாதி விற்பனையோடு ஏறுவது. காலை ஐந்து மணிக்கு இட்லிக் கொப்பரையும் சாம்பார் அண்டாவும் ஏறிவிடும்; வருவது நாற்பது பேரா நானூறு பேரா என்று அடுப்புக்குத் தெரியாது. 19 கிலோ சிலிண்டரில் மாதம் எட்டாவது இப்படிப் போகும் என்று வைத்து 15,000 எழுதுகிறேன். மின்கட்டணம் 22,000. கணக்கர், பில்லிங் மென்பொருள், தண்ணீர், ரிப்பேர், உரிமக் கட்டணம் எல்லாம் சேர்த்து 15,000.

இன்னும் இரண்டு உண்டு. கல்லாவில் பதினான்கு மணி நேரம் உட்காரப் போகிற உங்களுக்குச் சம்பளம் 30,000. இதை எழுதாவிட்டால் உங்கள் உழைப்பை இலவசமாகப் போட்டுவிட்டு லாபம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். கடன் 10 லட்சத்துக்கு 12 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை 22,000 சொச்சம். தவணையில் அசல் செலவாகாது, தேய்மானத்தைத்தான் எழுத வேண்டும் என்று ஆடிட்டர் சொல்வார். அவர் சொல்வது சரி. ஆனால் நீங்கள் கேட்பது பணம் தட்டாமல் ஓடுமா என்பது, அதனால் தவணையை வைக்கிறேன். தவணை, தேய்மானம் இரண்டையும் சேர்த்து எழுதாதீர்கள், ஒரே பொருளுக்கு இரண்டு தடவை கணக்காகிவிடும்.

எல்லாம் கூட்டினால் 4,60,000. நண்பர் எடுத்துக்கொண்ட 2,75,000-ஐவிட ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு.

இனி இரண்டாவது ஓட்டை. ஒருவர் சாப்பிட்டுப் போனால் அவரால் வந்த செலவு போக மிஞ்சுவது எவ்வளவு? அந்த மிச்சம்தான் வாடகையையும் சம்பளத்தையும் கட்டப் போகிறது. முதலில் வரியை வெளியே எடுங்கள். மெனுவில் 'வரி உட்பட 126' என்று போட்டால் உங்களுடையது 120 தான். 6 ரூபாய் அரசாங்கத்துடையது, கல்லாவில் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகும். அப்புறம் மூன்று வேளையையும் தனித்தனியாகப் பாருங்கள், ஏனென்றால் மூன்றும் மூன்று வேறு வியாபாரம்.

காலை டிபனில் ஒருவர் 75 ரூபாய்க்குச் சாப்பிட்டால் மாவு, எண்ணெய், சட்னி, காபி, வீணாவது எல்லாம் போக 45 நிற்கும். மதியம் அளவில்லாச் சாப்பாடு 120 ரூபாய். கேட்கப் பெரிய தொகை. ஆனால் சோறும் கூட்டும் பொரியலும் மறுபடி மறுபடி போவதால் 62 ரூபாய் பொருளிலேயே கரைந்து 58 தான் மிஞ்சும். இரவு 95 ரூபாய்க்குத் தோசையும் பரோட்டாவும் சாப்பிடுகிறவர் 57 விட்டுப் போகிறார். பில் 25 ரூபாய் குறைவு, மிச்சமோ சாப்பாட்டுக்குச் சமம். இந்தத் தொகைகள் உங்கள் ஊர் விலைக்கு மாறும், வழிமுறை மாறாது.

நூறு பேரில் காலை 35, மதியம் 30, இரவு 35 என்று வந்தால் தலைக்குச் சராசரி மிச்சம் சுமார் 53 ரூபாய். இனி வகுத்தல்தான்:

```
4,60,000 ÷ 53 = 8,679 பேர் (மாதம்)
8,679 ÷ 30 = 289 பேர் (தினம்)
```

நூறு இல்லை, 289. வாரம் ஒரு நாள் விடுமுறை விட்டு 26 நாள் திறந்தால் 334.

இது சராசரி என்பதை மறக்க வேண்டாம். திங்கள் முதல் வெள்ளி வரை 260 பேர்தான் வருகிறார்கள் என்றால், சனி ஞாயிறு இரண்டு நாளும் 362 வந்தால்தான் வாரம் சமமாகும். அலுவலகங்கள் நிறைந்த தெருவில் இது தலைகீழாக இருக்கும்; ஞாயிறு மதியம் ஈயோட்டுவார்கள். சைவ ஹோட்டலுக்குப் புரட்டாசியும் கார்த்திகையும் நல்ல மாதங்கள். அந்த மாதக் கூட்டத்தைப் பார்த்து ஆண்டு முழுக்க இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

289 பேரை உங்கள் 48 இருக்கைகள் தாங்குமா? நாலு பேர் மேசையில் இரண்டு பேர் உட்கார்ந்தால் நாம் எழுப்ப முடியாது. அதனால் நெரிசலிலும் 34 இருக்கைகள்தான் உண்மையில் நிரம்பும் என்று கொள்ளுங்கள். மதியத்தின் பங்கு 87 பேர். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம், பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை நாலு சுற்று: 136 பேருக்கு இடம் உண்டு. காலையும் இரவும் இதைவிட நீண்ட நேரம் என்பதால் பிரச்சினை இல்லை. இடம் தடையில்லை, ஆள் வரவேண்டியதுதான் பாக்கி. சமையலறை மட்டும் ஓர் எல்லைக்குப் பிறகு திணறும். இன்னொரு தோசை மாஸ்டரை 18,000-க்கு வைத்தால், அவருக்காகவே தினம் 11 பேர் கூடுதலாக வரவேண்டும்.

எதை அசைத்தால் இந்த எண் நகர்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். வாடகையில் 5,000 குறைக்கப் போராடினால், வரியோடு சேர்த்துத் தினம் 4 பேர்தான் குறைகிறார்கள். தலைக்கு 5 ரூபாய் விலை ஏற்றினால் 289 என்பது 264 ஆகிறது. தக்காளி, வெங்காயம், எண்ணெய் ஏறித் தலைக்கு 4 ரூபாய் கூடினால் 313. பேரம் பேசும் சாமர்த்தியத்தை வாடகையோடு நிறுத்திவிடாமல் விலைப்பட்டியலிலும் கொள்முதலிலும் காட்டுங்கள்.

செயலி வழியாகப் போகும் பார்சலை இந்த 289-இல் சேர்க்காதீர்கள். 150 ரூபாய் ஆர்டரில் பொருள் 67, பேக்கிங் 12 போகும். கமிஷன் 22 சதவீதம் என்று வைத்தால், அதன் மேலான 18 சதவீத ஜிஎஸ்டியோடு 39. மிச்சம் 32. ஐந்து ஆர்டர் போனால்தான் மேசையில் சாப்பிட்ட மூன்று பேருக்குச் சமம். உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள சதவீதத்தைப் போட்டு நீங்களே ஒருமுறை கணக்கிடுங்கள். தள்ளுபடி உங்கள் தலையில் விழுகிறதா என்றும் பாருங்கள்.

திறந்த பிறகு 53 என்பது நிஜமா என்று எப்படித் தெரியும்? மாதத் தொடக்கத்தில் இருந்த சரக்கு, அதோடு மாதக் கொள்முதல், அதிலிருந்து கடைசி நாள் மிச்சச் சரக்கையும் ஊழியர் சாப்பாட்டையும் கழியுங்கள். வருவதைச் சாப்பிட்டவர் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்குப் பொருள் செலவு. இதற்குத் தலை எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும். ஒரு பில்லில் நாலு பேர் இருப்பார்கள், காபி மட்டும் குடித்துப் போகிறவருக்கும் ஒரு பில் இருக்கும். ஆர்டர் எடுக்கும்போதே மேசையில் எத்தனை பேர் என்று மென்பொருளில் போடச் சொல்லுங்கள்; காபி மட்டும் குடித்தவரைத் தனியாக வையுங்கள். கூட்டம் அதே அளவு இருந்தும் மிச்சம் 53-லிருந்து 47-க்கு இறங்கினால், கோளாறு வாசலில் இல்லை. அண்டாவில் மிஞ்சும் சாம்பாரிலோ, பின்வாசலிலோ தேடுங்கள்.

கடைசியாக, முதல் நாளே 289 வராது. முதல் மாதம் 150, அடுத்து 200, 230, 260 என்று ஏறி ஐந்தாவது மாதம்தான் எட்டுகிறீர்கள் என்று வையுங்கள். குறையும் ஒவ்வொரு தலைக்கும் மாதம் 1,590 ரூபாய் துண்டு விழும். முதல் மாதம் 2,21,000, நாலு மாதமும் சேர்த்து 5 லட்சம். அட்வான்ஸ், அடுப்படி, உள்ளலங்காரம் எல்லாவற்றுக்கும் கொடுத்த பிறகு இந்த 5 லட்சம் தனியாகக் கையில் இருக்கிறதா? இல்லை என்றால் கடையை இப்போது எடுக்காதீர்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தத் தெருவில் ஏற்கெனவே இருக்கும் ஹோட்டலுக்கு எதிரே நின்று, மூன்று வேளையும் உள்ளே போகிறவர்களை எண்ணுங்கள். பல வருடமாக ஓடும் கடைக்கே 250 பேர்தான் போகிறார்கள் என்றால் உங்களுக்கு 289 எங்கிருந்து வரும் என்று யோசிக்க வேண்டும். எண்ணிக்கை தெம்பாக இருந்தால் உரிமையாளரிடம் அட்வான்ஸைப் பேசுங்கள். பத்து மாதம் கேட்டால் எட்டாகக் குறையுங்கள். அந்த 1,30,000 இரண்டாவது மாதத் துண்டை ஏறக்குறைய அடைத்துவிடும்.