கையெழுத்து இனி வேறொருவருடையது

அன்புள்ள ஆலோசகருக்கு,

அரசு வங்கியில் கிளை மேலாளராக இருந்து 60 வயதில் ஓய்வு பெற்றேன். ஈரோட்டில் வசிக்கிறேன். விசைத்தறிக்காரர்கள் சிலர் கடனுக்கான திட்ட அறிக்கை தயாரித்துத் தரச் சொல்கிறார்கள். அனுமதியாகும் தொகையில் ஒரு சதவீதம் கட்டணம். இன்னொரு பக்கம், ஒரு கல்லூரியில் வணிகவியல் மாணவர்களுக்கு வாரம் மூன்று நாள் வகுப்பு. சம்பளம் 12,000 ரூபாய். மனைவி கல்லூரிக்குத்தான் போகச் சொல்கிறாள்.

முதலில் வந்தவரின் ஆண்டு விற்பனை ஒரு கோடி. வரும் ஆண்டுக்கு 2 கோடி என்று எழுதச் சொல்கிறார். சம்மதிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. அன்றிலிருந்து விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. பணத்தேவை இல்லை. ஆனால், வகுப்பறைக்குப் போனால் ஒதுங்கிவிட்டதாக ஊர் நினைக்குமோ என்றிருக்கிறது.

– ஓய்வு பெற்றவர், ஈரோடு

அன்புள்ள ஐயா,

அந்த மூன்று மணி விழிப்பை முதலில் பார்ப்போம். சிறு தொழிலின் நடைமுறை மூலதனக் கடனுக்கு, எதிர்பார்க்கும் விற்பனையில் 20 சதவீதம் என்பது உங்களுக்குப் பழகிய கணக்கு. ஒரு கோடிக்கு 20 லட்சம், 2 கோடிக்கு 40 லட்சம். கூடவே உங்கள் கட்டணமும் 20,000 ரூபாயிலிருந்து 40,000 ஆகிறது. எண்ணைக் கூட்டி எழுத உங்களுக்கே ஆசை பிறக்கும்படி இந்த ஏற்பாடு அமைந்திருக்கிறது. ஆனால் கையெழுத்திடுவது உங்கள் பழைய நாற்காலியில் இருக்கும் இளைஞர். கடன் வாராக்கடனானால் விளக்கம் கேட்பதும் அவரிடம்தான். அந்தப் பயத்தோடு பணியாற்றியவர்தானே நீங்கள்? தூக்கம் கெடுவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

எனவே ஆலோசனைத் தொழிலையே உதறுவதற்கு முன் அதன் நிபந்தனையை மாற்றிப் பாருங்கள். கடன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒரே கட்டணம், ஜிஎஸ்டி கணக்கும் கையிலுள்ள ஆர்டரும் தாங்கும் எண் மட்டுமே என்று அந்தத் தறிக்காரரிடம் சொல்லுங்கள். அவர் விலகிப்போய் உங்களுக்குத் தூக்கம் திரும்பினால் பாதி விடை கிடைத்துவிடும். முடிவெடுத்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் விழிப்பு நீடித்து, எதிலும் பிடிப்பில்லாமல் போனால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அது மனச்சோர்வின் அறிகுறியாக இருக்கலாம்.

ஊர் என்ன நினைக்கும் என்பது வேறு கணக்கு. ஓய்வின் தொடக்க உற்சாகம் வடிந்ததும் ஒரு வெறுமை வருவதுண்டு என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் ஆட்ச்லி 1970களிலேயே எழுதினார். எல்லோருக்கும் வருவதில்லை, வந்தவர்கள் பழைய மரியாதை கிடைக்கும் இடத்தையே தேடுவார்கள். ஆலோசகராகப் போனால் அது கிடைக்குமா? கோப்போடு மேலாளர் அறைக்கு வெளியே காத்திருக்க வேண்டியவர் இப்போது நீங்கள். கல்லூரியிலும் சுலபமில்லை. உங்களைவிட இளைய துறைத்தலைவர் பாடவேளை ஒதுக்குவார். விடைத்தாள் கட்டு வீட்டுக்கு வரும்.

என் சாய்வு கல்லூரிப் பக்கம், அதுவும் ஒரு பருவத்துக்கு மட்டும். தறிக்காரர் உங்களிடம் கேட்ட அந்த 2 கோடிக் கணக்கை, பெயர் சொல்லாமல், முதல் வகுப்பில் மாணவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். எதில் சேர்ந்தாலும், ஓய்வுக்குப் பின் வேலை பார்க்க முன் அனுமதி வேண்டுமா என்று வங்கியின் ஓய்வூதியப் பிரிவில் முதலில் கேட்டுவிடுங்கள்.