சில்லரில் தண்ணீர் ஓட்டம் குறைவு: பம்பா, பிளேட்டா?

"பால் சில்லரில் ஐஸ் வாட்டர் மணிக்கு 6000 லிட்டர் போனது, இப்போது 4500 தான். அழுத்த இழப்பு 0.5 பாரிலிருந்து 0.9 ஆகிவிட்டது. பெரிய பம்ப் போடலாமா?"

வேண்டாம், பம்பில் குறை இல்லை. பிளேட்டுகளின் தண்ணீர்ப் பக்கம் அடைத்திருக்கலாம். அழுத்த இழப்பு ஏறக்குறைய ஓட்டத்தின் வர்க்கத்தைப் பின்பற்றும். ஓட்டம் முக்கால் பங்கானால் இழப்பு 0.28 பாருக்கு இறங்கியிருக்க வேண்டும். உங்களுக்கு 0.9, அதாவது மூன்று மடங்கு தடை. பம்ப் தேய்ந்திருந்தால் ஓட்டமும் இழப்பும் சேர்ந்தே குறைந்திருக்கும்.

பெரும்பாலும் ஐஸ் பேங்க் தொட்டியிலிருந்து வரும் துருவும் நாரும்தான். பிளேட் இடைவெளி சில மில்லிமீட்டர்தானே, நுழைவாயிலிலேயே சிக்கிக்கொள்ளும்.

முதலில் கேஜ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஸ்ட்ரெய்னருக்கு முன்னால் என்றால் அதன் அடைப்பும் இந்த 0.9-ல் சேர்ந்திருக்கும், வலையைக் கழுவிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு முனையிலும் ஒரே கேஜை மாற்றி மாட்டி அளப்பது நல்லது. அப்போதும் குறையாவிட்டால் தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு, வெளியே வருவதை வெள்ளை வாளியில் பிடியுங்கள். துரு தெரிந்தால் சந்தேகம் தீர்ந்தது. தெளிவாகவே வந்தால் சுண்ணாம்புப் படிவாக இருக்கலாம். பிளேட்டைக் கழற்றித்தான் பார்க்கணும்.

ஒன்று மட்டும்: ஸ்டீல் பிளேட்டில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றாதீர்கள், குளோரைடு குழி போட்டுவிடும். பெரிய பம்ப் போட்டுத் தண்ணீர் அழுத்தம் பாலின் அழுத்தத்தை மீறினாலோ, அந்தக் குழி வழியே தண்ணீர் பாலுக்குள் போகும்.