வருமானம் ஏறி இறங்கினால் வரிக்கு எவ்வளவு ஒதுக்குவது?

"ஃப்ரீலான்ஸ் இன்டீரியர் டிசைனர். ஒரு மாசம் 6 லட்சம் வரும், அடுத்த ரெண்டு மாசம் ஒண்ணுமே இருக்காது. போன வருஷம் மொத்தம் 30 லட்சம், 44ADA, புது வரி முறை. வரிக்கு மாசம் எவ்வளவு ஒதுக்கணும்?"

மாதத் தொகையாக வேண்டாம். பணம் வரும்போதெல்லாம் அதில் ஒரு சதவீதத்தை எடுத்து வையுங்கள். வராத மாதத்தில் ஒன்றும் வைக்க வேண்டியதில்லை. 18% ஜிஎஸ்டி வாங்கினால் அது உங்கள் பணமே இல்லை, முதலில் அதைக் கழித்துவிடுங்கள்.

44ADA என்ற வருமான வரிப் பிரிவில் வரவில் பாதியை லாபமாகக் காட்டலாம் (உண்மை லாபம் அதைவிட அதிகமென்றால் அதையே காட்ட வேண்டும்). 30 லட்சத்துக்கு 15 லட்சம். 2025-26 விகிதத்தில் வரி 1,05,000, செஸ் சேர்த்து 1,09,200. அதாவது வரவில் 3.64%. ஆகவே ஒவ்வொரு ரசீதிலும் 4% ஒதுக்கினால் போதும். 6 லட்சம் வந்த அன்றே 24,000 தனி சேமிப்புக் கணக்குக்குப் போகட்டும்.

கவனிக்க வேண்டியது நல்ல வருஷத்தைத்தான். ஏப்ரலிலிருந்து வந்த மொத்தம் 32 லட்சத்தைத் தாண்டினால், அதற்கு மேல் வரும் ஒவ்வொரு லட்சத்துக்கும் வரி 10,400. அந்த இடத்திலிருந்து 40 லட்சம் வரை 11% வையுங்கள். நான் ஒரு வருஷம் பழைய சதவீதத்திலேயே இருந்துவிட்டு மார்ச்சில் நகைக்கடன் வாங்கினேன்! மாறாக, வருஷம் 24 லட்சத்துக்குள் முடிந்தால், வேறு வருமானம் இல்லாதபட்சத்தில் வரியே இல்லை. ஒதுக்கியது முழுதும் உங்களுக்கே.

44ADA-காரர்களுக்கு முன்கூட்டிய வரி ஒரே தவணை, மார்ச் 15. கம்பெனி வாடிக்கையாளர் பிடித்த டிடிஎஸ்ஸை 26AS வரி அறிக்கையில் பார்த்துக் கழித்துவிட்டு மீதியைக் கட்டுங்கள்.