மரணப் பதிவு பிந்தினால் காரணத்தை எப்படி எழுதுவது?

"அப்பாயி லயத்திலேயே காலமாகி ஒன்றரை வருஷமாச்சு, இன்னும் பதியல. சேமலாப நிதிக்கு மரணச் சான்றிதழ் கேக்குறாங்க. பதிவாளர்ட்ட என்ன காரணம் சொல்றது? சத்தியக்கடதாசி வேணுமா?"

நடந்ததையே சொல்லுங்கள். மூன்று மாதம் கடந்துவிட்டதால் இது பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போகும். சத்தியக்கடதாசியும் வழக்கமாகக் கேட்பார்கள்.

"அறியாமையால் பதியவில்லை" என்ற ஒற்றை வரியோடு போனால் மேலும் கேள்விதான் வரும். எங்கள் பெரியப்பாவுக்கு இப்படி எழுதினோம்: "தோட்ட அலுவலகத்துக்கு அன்றே அறிவித்தோம். அவர்களே பதிந்திருப்பார்கள் என நம்பினோம். சேமலாப நிதிக்கு விண்ணப்பித்தபோதுதான் பதிவு இல்லையென்று தெரிந்தது." அறிவித்தது, நம்பியது, தெரியவந்த விதம் மூன்றும் அதில் இருந்தன.

சத்தியக்கடதாசியில் உங்கள் உறவுமுறை, இறந்த தேதி, இடம், காரணம், அடக்கம் செய்த இடம், முன்பு எங்கும் பதியவில்லை என்பது, தாமதத்துக்கான காரணம் எல்லாம் வரவேண்டும். கையெழுத்தைச் சமாதான நீதவான் முன்னிலையிலேயே போடுங்கள், வீட்டில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். கிராம உத்தியோகத்தரின் கடிதத்திலுள்ள இறந்த தேதியும் சத்தியக்கடதாசியில் உள்ளதும் ஒன்றாக இருக்கட்டும்.

மலையகத்தில் அதிகம் சிக்குவது பெயரில்தான். அடையாள அட்டையில் "இராமாயி", தோட்டப் பதிவில் "ராமாய்" என்றிருந்தால், இரண்டும் ஒருவரே என்று அதே சத்தியக்கடதாசியில் ஒரு வரி சேருங்கள். விட்டுவிட்டால், சான்றிதழ் கையில் இருந்தும் சேமலாப நிதிப் பணம் நிற்கும்.